ஒரு பக்கம், ஒரு பட்டன்

இணைய விளம்பரம் ஒன்றைத் தொட்டவுடன் திறக்கும் பக்கத்துக்கு லேண்டிங் பேஜ் என்று பெயர். நிறுவனத்தின் முகப்புப் பக்கம் யார் வந்தாலும் ஏதோ ஒரு வழி காட்ட வேண்டியது. லேண்டிங் பேஜுக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. குறிப்பிட்ட ஒரு விளம்பரத்தைப் பார்த்து, அதே நினைப்போடு வருபவருக்காக மட்டுமே அது எழுதப்படுகிறது. பதிவு செய்வது, போன் பேசுவது, வாங்குவது என்று வந்தவரிடம் அந்தப் பக்கம் கேட்கும் காரியத்தை இத்துறையினர் கால் டு ஆக்‌ஷன் என்கிறார்கள். அது ஒன்றே ஒன்றாக இருந்து, வந்தவர் கண்ணில் உடனே பட வேண்டும்.

ஊரில் ஒரு தையல் பயிற்சி நிலையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘சனிக்கிழமை முதல் வகுப்பு இலவசம்’ என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் கொடுத்திருக்கிறது. தொட்டால் திறக்கும் பக்கத்தில் மேலே ஆறு மெனு, தானாக நகரும் மூன்று படங்கள், ஒவ்வொரு படத்திலும் ஒரு இணைப்பு, பாடத்திட்டத்தை இறக்கிக்கொள்ள ஒரு பட்டன், ஓரத்தில் மிதக்கும் வாட்ஸப் குறி, அழைப்பு பட்டன், சமூக ஊடகக் குறிகள் நான்கு, கடைசியில் பதிவுப் படிவம். எண்ணிப் பார்த்தால் தொடக்கூடிய இடங்கள் பதினேழு. நிலையத்துக்கு வேண்டியது அவற்றில் ஒன்றுதான். மற்ற பதினாறும் வெளியேறும் வாசல்கள். ஃபேஸ்புக் குறியைத் தொட்டுப் போனவர் அங்கே உறவினர் வீட்டுக் கல்யாணப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். காசு கொடுத்து வரவழைத்த ஆளைத் தானே வெளியே அனுப்பிவைக்கும் பக்கம் இது.

பதினேழில் எந்த ஒன்றை வைத்துக்கொள்வது என்பதுதான் முதல் வேலை. நிலையத்தின் ஆசை என்னவோ மூன்று மாதக் கட்டணத்தை உடனே வாங்குவதாக இருக்கலாம். ஆனால் விளம்பரத்தைத் தொட்டவர் இலவச வகுப்பு என்பதைப் படித்து வந்தவர். பணம் கட்டும் மனநிலையில் அவர் இன்னும் இல்லை. அவர் இப்போதே செய்யத் தயாராக இருக்கும் காரியம் சனிக்கிழமை வகுப்பில் ஓர் இடம் பிடிப்பது. பக்கம் கேட்க வேண்டியதும் அதையே.

அது முடிவானால் மற்றவை தானாக உதிரும். மெனு போகும், நகரும் படங்கள் போகும், சமூக ஊடகக் குறிகள் போகும். வாட்ஸப் குழுவில் சேர்வது, வரைபடத்தில் வழி பார்ப்பது, பாடத்திட்டத்தை இறக்குவது ஆகியவற்றுக்குப் பதிவு முடிந்தபின் வரும் நன்றிப் பக்கமே சரியான இடம். அங்கே அவை போட்டியாக இருக்காது, உதவியாக இருக்கும்.

அடுத்தது முதல் திரை. அதாவது விரலால் தள்ளாமலே போனில் தெரியும் பகுதி. விளம்பரத்தில் இருந்த அதே சொற்கள் தலைப்பில் வர வேண்டும். விளம்பரம் ‘முதல் வகுப்பு இலவசம்’ என்று சொல்லி, பக்கம் ‘தையல் கலையில் நம்பிக்கைக்குரிய பெயர்’ என்று தொடங்கினால், தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று வந்தவர் திரும்பிவிடுவார். தலைப்பின் கீழ் ஒரே வரியில் எங்கே, எத்தனை மணிக்கு, என்ன கொண்டுவர வேண்டும். அதன் கீழ் பட்டன்.

தமிழில் பக்கம் அமைப்பவர்கள் இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு வரைந்த வடிவமைப்பில் தமிழை அப்படியே ஊற்றினால் சொற்கள் நீண்டு, தலைப்பு நான்கு வரியாகி, பட்டனைத் திரைக்கு வெளியே தள்ளிவிடும். வரிகளுக்கு இடையே இடம் போதாவிட்டால் கீ, கூ போன்ற எழுத்துகளின் மேல் சுழியும் கீழ் வாலும் வெட்டுப்படும். தலைப்பை ஆறேழு சொற்களுக்குள் நிறுத்தி, விலை குறைந்த சிறிய போன் ஒன்றில் திறந்து பார்ப்பது பாதுகாப்பு.

பட்டனின் நிறம் எது என்பதைவிட, அந்த நிறம் பக்கத்தில் வேறெங்கும் வராமல் இருப்பதே முக்கியம். தலைப்பும் பச்சை, கோடும் பச்சை, பட்டனும் பச்சை என்றால் பட்டன் கூட்டத்தில் கரைந்துவிடும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்பது இணையத்தை எல்லோரும் அணுகுவதற்கான WCAG நெறிமுறை. ஆரஞ்சின் மேல் வெள்ளை எழுத்து இதில் தோற்கும்; வெயிலில் போனைப் பிடித்துப் பார்த்தாலே காரணம் புரியும். பட்டனின் உயரத்துக்கு ஆண்ட்ராய்டு சொல்லும் அளவு 48 dp. அதற்குக் குறைந்தால் கட்டைவிரல் தவறும்.

பட்டன் மேல் எழுதும் சொல்லில்தான் பலர் சோம்பிவிடுகிறார்கள். ‘சமர்ப்பி’ என்பது கணினியின் பேச்சு. ‘சனிக்கிழமை இடம் பிடிக்க’ என்றால் தொட்டபின் என்ன கிடைக்கும் என்று தெரிகிறது. இந்தச் சில சொற்கள் எவ்வளவு மாற்றும் என்பதற்கு 2007 டிசம்பரில் அமெரிக்காவில் ஒபாமாவின் தேர்தல் பிரசாரக் குழு செய்த சோதனை நல்ல சான்று. டான் சிரோக்கர் அதை நடத்தினார். அந்தப் பக்கம் கேட்டது ஒன்றே: மின்னஞ்சல் கொடுத்துச் சேருங்கள். பட்டன் சொற்கள் நான்கையும், படங்களும் வீடியோக்களுமாக ஆறையும் மாற்றி மாற்றி மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோருக்குக் காட்டினார்கள். குழுவினர் நம்பியிருந்த வீடியோ தோற்றது. குடும்பப் புகைப்படமும் ‘Learn More’ என்ற பட்டனும் சேர்ந்த பக்கம் வென்றது. பழைய பக்கத்தில் 8.26 சதவீதம் பேர் சேர்ந்திருந்தார்கள், புதியதில் 11.6 சதவீதம். இதைப் படித்துவிட்டு எல்லாப் பட்டனிலும் ‘மேலும் அறிய’ என்று எழுதுவது தவறு. அந்தச் சொல் அந்த மக்களுக்கு, அந்தக் கட்டத்தில் பொருந்தியது.

முதல் திரையிலேயே எல்லோரும் முடிவெடுப்பதில்லை. கீழே சொந்த மெஷின் வேண்டுமா, கைக்குழந்தையைக் கூட்டிவரலாமா, மூன்று மாதத்தில் பிளவுஸ் தைக்க வருமா போன்ற கேள்விகளுக்குப் பதிலும், மாணவிகள் தைத்த துணிகளின் படமும் வரலாம். அவற்றின் முடிவில் அதே பட்டன் அதே சொற்களோடு திரும்ப வர வேண்டும். மேலே ‘இடம் பிடிக்க’, கீழே ‘பதிவு செய்க’ என்று சொல் மாறினால் இரண்டு வேறு காரியங்கள் போலத் தோன்றும். படிவத்தில் பெயர், போன் எண், காலையா மாலையா என்ற மூன்றும் போதும். முதல் வகுப்புக்கு வருபவரிடம் வீட்டு முகவரி கேட்டால், எதற்கு என்ற தயக்கம் அங்கேயே பிறக்கும்.

பக்கம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கச் செலவில்லாத வழி உண்டு. சம்பந்தமில்லாத ஒருவரிடம் ஐந்து விநாடி காட்டிவிட்டுப் போனை வாங்கிக்கொண்டு, ‘இதில் என்ன செய்யச் சொல்கிறார்கள்?’ என்று கேட்க வேண்டும். ‘ஏதோ தையல் கிளாஸ்’ என்று மட்டும் சொன்னால் பட்டன் கண்ணில் படவில்லை என்று பொருள்.

எண்களை நம்புவதில் நிதானம் தேவை. இருநூறு பேர் பார்த்த ஒரு பக்கத்தில் நால்வரும், இன்னொரு இருநூறு பேர் பார்த்த பக்கத்தில் ஆறு பேரும் பதிந்தால் அந்த வேறுபாடு தற்செயலாகவே இருக்கலாம். சிறு நிலையத்துக்கு அதைவிடப் பயனுள்ள கணக்கு, பதிந்தவர்களில் எத்தனை பேர் சனிக்கிழமை நேரில் வந்தார்கள் என்பது. பதிவு கூடி வருகை கூடாவிட்டால், பட்டன் எதையோ மிகையாகச் சொல்லிவிட்டது.

படிவம் நிரப்பத் தயங்கி, பேசிப் பார்த்தால்தான் நம்பிக்கை என்பவர்கள் நிறைய வரும் தொழில்களும் உண்டு. அங்கே படிவத்தை எடுத்துவிட்டு அழைப்பு பட்டனையே அந்த ஒரே காரியமாக வைக்கலாம். அந்த எண்ணில் யாராவது எடுத்துப் பேசும் நேரத்தையும் அதன் கீழேயே எழுதிவிட வேண்டும்.