8051 டைமர்கள்: வாய்மொழித் தேர்வில் எழும் சந்தேகங்களும் விளக்கங்களும்

பொறியியல் இறுதியாண்டு மாணவர்களின் ஆய்வக வாய்மொழித் தேர்வில், எட்டு பிட் மைக்ரோகன்ட்ரோலரின் டைமர் பற்றிய கேள்விகள் பலரைத் திணற வைக்கின்றன. இன்டெல் நிறுவனம் 1980-இல் அறிமுகப்படுத்திய 8051 சிப்பை அடிப்படையாகக் கொண்டு, இத்தகைய கேள்விகளும் மாதிரி விடைகளும் இங்கே தரப்படுகின்றன. கணக்குகள் அனைத்தும் 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்கானவை.

டைமர் என்பது என்ன? 8051-இல் எத்தனை டைமர்கள் உள்ளன?

துடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணி, உச்ச எண்ணைத் தாண்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்பும் ரிஜிஸ்டர் சுற்றே டைமர். 8051-இல் டைமர் 0, டைமர் 1 என இரண்டு உள்ளன. ஒவ்வொன்றும் 16 பிட் அகலம் கொண்டது. ஆனால் சிப் எட்டு பிட் என்பதால் மேல் பாதி TH, கீழ் பாதி TL என இரண்டு ரிஜிஸ்டர்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. AT89S52 போன்ற சிப்களில் டைமர் 2 என்ற மூன்றாவதும் உண்டு.

டைமர் ஒன்று கூடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

கிரிஸ்டலின் அதிர்வெண்ணை 12-ஆல் வகுத்துக் கிடைக்கும் வேகத்தில் டைமர் எண்ணுகிறது. 11.0592 மெகாஹெர்ட்ஸை 12-ஆல் வகுத்தால் விநாடிக்கு 9,21,600 எண்ணிக்கை கிடைக்கும். அதாவது ஓர் எண்ணிக்கைக்கு ஏறத்தாழ 1.085 மைக்ரோ விநாடி. கிரிஸ்டல் 12 மெகாஹெர்ட்ஸாக இருந்தால் இது சரியாக 1 மைக்ரோ விநாடி. இந்த 12 என்ற வகுஎண் அசல் 8051 வடிவமைப்புக்கு உரியது; பின்னர் வந்த சில வேகமான சிப்களில் இது மாறும்.

டைமருக்கும் கவுண்டருக்கும் என்ன வேறுபாடு?

இரண்டும் ஒரே சுற்றுதான். எண்ணப்படும் துடிப்பு எங்கிருந்து வருகிறது என்பதே வேறுபாடு. TMOD ரிஜிஸ்டரின் C/T பிட் 0 என்றால் சிப்பின் உள் கடிகாரம் எண்ணப்படும். அது 1 என்றால் டைமர் 0 P3.4 பின்னிலும், டைமர் 1 P3.5 பின்னிலும் வெளியிலிருந்து வரும் துடிப்புகளை எண்ணும். வெளித் துடிப்பின் வேகம் கிரிஸ்டல் வேகத்தில் 24-இல் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

TMOD ரிஜிஸ்டரில் எந்த பிட் எதற்கு?

மேல் நான்கு பிட்கள் டைமர் 1-க்கும், கீழ் நான்கு பிட்கள் டைமர் 0-க்கும் உரியவை. ஒவ்வொரு நான்கிலும் GATE, C/T, M1, M0 என்பது வரிசை. GATE பிட் 1 ஆக இருந்தால், நிரல் அனுமதிப்பதோடு INT0 அல்லது INT1 பின்னும் உயர் நிலையில் இருக்கும்போது மட்டுமே டைமர் ஓடும். வெளியிலிருந்து வரும் ஒரு துடிப்பின் அகலத்தை அளக்க இந்த வசதி பயன்படுகிறது.

நான்கு மோடுகளும் எப்படி வேறுபடுகின்றன?

மோட் 0 என்பது 13 பிட். அது 8,192 வரை எண்ணும். மோட் 1 என்பது 16 பிட். அது 65,536 வரை எண்ணும். மோட் 2-இல் TL மட்டும் 8 பிட்டாக எண்ணும். அது நிரம்பியதும் TH-இல் உள்ள மதிப்பு தானாகவே TL-க்கு வந்து சேரும். மோட் 3-இல் டைமர் 0 இரண்டு தனி 8 பிட் டைமர்களாகப் பிரிகிறது. டைமர் 1-ஐ இந்த மோடில் வைத்தால் அது நின்றுவிடும்.

TCON ரிஜிஸ்டரின் பணி என்ன?

டைமரை ஓட்டுவதும் நிறுத்துவதும் இதன் TR0, TR1 பிட்கள். டைமர் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பியதை TF0, TF1 ஃபிளாக்குகள் அறிவிக்கின்றன. TCON-இன் பிட்களைத் தனித்தனியே மாற்றலாம். TMOD-இல் அப்படிச் செய்ய முடியாது, முழு பைட்டையும் எழுத வேண்டும்.

50 மில்லி விநாடி தாமதத்துக்கு என்ன மதிப்பை ஏற்ற வேண்டும்?

விநாடிக்கு 9,21,600 எண்ணிக்கை என்ற கணக்கில் 50 மில்லி விநாடிக்கு 46,080 எண்ணிக்கை தேவை. டைமர் மேல்நோக்கி எண்ணுவதால், 65,536-இலிருந்து இதைக் கழித்த 19,456 என்பதே தொடக்க மதிப்பு. இது பதினாறடிமானத்தில் 4C00. எனவே TH0-இல் 4CH, TL0-இல் 00H ஏற்ற வேண்டும். மோட் 1-இன் உச்சத் தாமதம் சுமார் 71 மில்லி விநாடிதான். 1 விநாடி வேண்டுமெனில் இந்த 50 மில்லி விநாடியை 20 முறை திரும்பச் செய்ய வேண்டும்.

இதற்கான நிரல் எப்படி இருக்கும்?

P1.5 பின்னை 50 மில்லி விநாடிக்கு ஒருமுறை மாற்றும் நிரல் கீழே உள்ளது. பின்னில் 10 ஹெர்ட்ஸ் சதுர அலை கிடைக்கும். ஒவ்வொரு சுற்றிலும் மற்ற கட்டளைகளுக்கு 10 முதல் 20 மைக்ரோ விநாடி வரை கூடுதலாகும்.

```
       MOV  TMOD, #01H
AGAIN: MOV  TL0, #00H
       MOV  TH0, #4CH
       SETB TR0
WAIT:  JNB  TF0, WAIT
       CLR  TR0
       CLR  TF0
       CPL  P1.5
       SJMP AGAIN
```

வெளியீடு தவறாக வந்தால் காரணத்தை எப்படிக் கண்டறிவது?

ஆஸிலோஸ்கோப்பில் 10 ஹெர்ட்ஸுக்குப் பதிலாக ஏறத்தாழ 7 ஹெர்ட்ஸ் தெரிந்தால், முதல் சுற்றுக்குப் பின் TH0, TL0 மதிப்புகள் மீண்டும் ஏற்றப்படவில்லை என்று பொருள். அப்போது டைமர் பூஜ்யத்திலிருந்து 65,536 வரை முழுதாக எண்ணுகிறது. ஏறத்தாழ 42 கிலோஹெர்ட்ஸ் தெரிந்தால் CLR TF0 விடுபட்டிருக்கிறது. ஃபிளாக் 1 ஆகவே நிற்பதால் JNB கட்டளை காத்திருக்காமல் கடந்துவிடும்; P1.5 பின்னில் எல்இடி இணைத்திருந்தால் அது சிமிட்டாமல் தொடர்ந்து எரிவதுபோல் தோன்றும்.

ஃபிளாக்கை எப்போதும் நிரலில்தான் அழிக்க வேண்டுமா?

இல்லை. மேலே உள்ளதுபோல் ஃபிளாக்கை நிரலே பார்த்துக் காத்திருந்தால் நிரலில்தான் அழிக்க வேண்டும். இன்டரப்ட் முறையில், டைமர் 0-க்கு 000BH, டைமர் 1-க்கு 001BH முகவரியில் உள்ள சேவை நிரலுக்குத் தாவும்போது சிப்பே அதை அழித்துவிடும்.

டைமர் 1 ஏற்கெனவே ஓடும்போது MOV TMOD, #01H எழுதலாமா?

கூடாது. இந்தக் கட்டளை மேல் நான்கு பிட்களையும் பூஜ்யமாக்கி டைமர் 1-ஐ மோட் 0-க்குத் தள்ளிவிடும். முதலில் ANL TMOD, #0F0H, அடுத்து ORL TMOD, #01H என எழுதினால் டைமர் 0 மட்டும் மாறும்.

தொடர்வழித் தகவல் பரிமாற்றத்துக்கு மோட் 2-ஐயும் 11.0592 மெகாஹெர்ட்ஸையும் பயன்படுத்துவது ஏன்?

தொடர்வழி இணைப்பின் வேகத்தை டைமர் 1 இடைவிடாமல் தர வேண்டும். மோட் 2-இல் மதிப்பு தானாக ஏறுவதால் நிரல் குறுக்கிடத் தேவையில்லை. SMOD பிட் 0 ஆக இருக்கையில் 9,21,600-ஐ 32-ஆல் வகுத்தால் 28,800. TH1-இல் FDH ஏற்றினால் மூன்று எண்ணிக்கைக்கு ஒருமுறை டைமர் நிரம்பி, சரியாக 9,600 பாட் வேகம் கிடைக்கும். அதே மதிப்புடன் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் வேகம் ஏறத்தாழ 10,417 ஆகிவிடும். 8.5 சதவீதப் பிழையுடன் வரும் எழுத்துகளை மறுமுனை சரியாகப் படிக்காது.