உயரமும் எடையும்: எல்லைக்கோட்டில் ஒரு கணக்கு

உடல் நிறை குறியீட்டெண் என்பது கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் எண். வயது வந்தோருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவுப்படி 18.5-க்குக் கீழே குறைந்த எடை, 25-க்குக் கீழ் வரை இயல்பு, 25 முதல் அதிக எடை. எக்செல் தாளில் A2 கட்டத்தில் உயரம் சென்டிமீட்டரிலும், B2-இல் எடையும் இருந்தால், C2, D2 கட்டங்களில் முறையே இவை வரும்:

```
=B2/(A2/100)^2
=IF(C2<18.5,"குறைவு",IF(C2<25,"இயல்பு","அதிகம்"))
```

100-ஆல் வகுக்க மறந்தால் விடை சுழியை ஒட்டி நின்று, எல்லோருக்கும் "குறைவு" என்றே வரும். அதனால் இந்தப் பிழை உடனே தெரிந்துவிடும். உயரக் கட்டம் காலியாக இருந்தால் `#DIV/0!` தோன்றும்.

கவனிக்க வேண்டியது எல்லைக்கோடுதான். 160 செ.மீ. உயரமும் 63.9 கிலோ எடையும் உள்ளவருக்கு விடை 24.96. ஒரே ஒரு தசம இடம் காட்டும்படி கட்டத்தை அமைத்திருந்தால் திரையில் 25.0 தெரியும், பக்கத்திலோ "இயல்பு" என்றிருக்கும். சூத்திரம் தவறவில்லை, அது ஒப்பிடுவது திரையில் தெரியும் எண்ணை அல்ல, கட்டத்துக்குள் இருக்கும் முழு எண்ணை. இரண்டு தசம இடங்களைக் காட்டினால் இந்தக் குழப்பம் தீரும்.

இந்தியர்களுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் 23-ஐயே அதிக எடையின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். குறைந்த குறியீட்டெண்ணிலேயே நீரிழிவு அபாயம் கூடுவதே காரணம். சூத்திரத்தில் 25-ஐ 23 ஆக்கினால் இதே நபர் "அதிகம்" வரிசைக்குப் போவார்.