118-ஆ, 113-ஆ? பழைய பத்திரத்தைச் சுருக்குவதற்கு முன்

2013-இல் ஜெர்மனியைச் சேர்ந்த கணினி அறிஞர் டேவிட் கிரீசல் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தார். மூன்று அறைகளின் பரப்பு அசலில் 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். நகலில் மூன்றுமே 14.13. எங்கும் மங்கலில்லை, கறையில்லை. கோப்பின் அளவைக் குறைப்பதற்காக, ஒன்றுபோலத் தெரிந்த சிறு துண்டுகளை ஒரே துண்டாகக் கருதி, இயந்திரம் ஒரு துண்டையே எல்லா இடத்திலும் ஒட்டியிருந்தது. அறைகளின் அளவு படத்தோடு பொருந்தாததால்தான் தவறு வெளிப்பட்டது. பின்னர் அந்நிறுவனம் திருத்த மென்பொருளை வெளியிட்டது.

நிலப் பத்திரங்களை ஸ்கேன் செய்து, எழுத்துணரி மென்பொருளால் உரையாக்கி, அதிலிருந்து சுருக்கம் எழுதும் வேலை இப்போது வழக்கறிஞர் அலுவலகங்களில் பெருகி வருகிறது. அங்கேயும் ஆபத்து இதே வகையானதுதான். கோணல்மாணலாக வந்த சொல் உடனே கண்ணில் படும். எண்ணாகவே வாசிக்கக்கூடிய தவறான எண்ணை யாரும் சந்தேகிப்பதில்லை. அது சுருக்கத்துக்குள் போய்விட்டால், சந்தேகிக்க இருந்த தடயமும் அழிந்துவிடுகிறது.

ஒரு கிரயப் பத்திரத்தை வைத்தே பார்க்கலாம். 1986-இல் தட்டச்சு செய்யப்பட்டது என்று கொள்வோம். விவரங்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. எழுத்துணரி தந்த உரையின் முக்கிய வரிகள் இப்படி இருக்கின்றன: “சர்வே நெ. 118/2-ல் கிழமேலடி 60, தென்வடலடி 40, ஆக 2100 சதுரடி மனை. வடபுறம் 10 அடிப் பாதை ... கிரயத் தொகை ரூ.13,000 (ரூபாய் பதினெட்டாயிரம் மட்டும்).” பாதைக்கு அடுத்த சொல்லின் மேல் சார்பதிவாளர் அலுவலக முத்திரை விழுந்திருக்கிறது.

முதல் வேலை படத்திலேயே தொடங்குகிறது. இத்தகைய தாளைக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் ஊதா முத்திரையும் கறுப்பு எழுத்தும் ஒரே கறையாகிவிடும். வண்ணத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் எடுத்தால், ஊதா நிறத்தை மட்டும் வெளிறச் செய்து அடியிலுள்ள எழுத்தைப் பெரும்பாலும் மீட்கலாம். முத்திரைத்தாளின் அச்சு வாசகமும் பதிவுக் குறிப்புகளும் சொத்து விவரத்தின் நடுவே கலந்து வராமல் பகுதி பகுதியாகப் பிரிப்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

அடுத்து, எழுத்துணரி தன் வாசிப்பில் எவ்வளவு உறுதியாக இருந்தது என்பதைக் கேட்டு வாங்க வேண்டும். டெசராக்ட் என்ற கட்டற்ற மென்பொருளில் இந்தக் கட்டளை போதும்:

```
tesseract pakkam2.tif pakkam2 -l tam+eng tsv
```

கிடைக்கும் அட்டவணையில் ஒவ்வொரு சொல்லுக்கும் `conf` என்ற பத்தியில் 100 வரையிலான மதிப்பெண் இருக்கும். குறைந்த மதிப்பெண் பெற்ற சொற்களை மனிதக் கண் பார்க்க வேண்டும். ஆனால் அதிக மதிப்பெண்ணை நம்பிவிடக் கூடாது. 3-இன் இடப்பக்கம் மை பரவியிருந்தால் மென்பொருள் அதை 8 என்று முழு உறுதியோடு சொல்லும். ஆகவே எண்கள், பெயர்கள், எல்லைகள், ‘இல்லை’, ‘நீங்கலாக’ போல அர்த்தத்தையே புரட்டும் சொற்கள் ஆகிய நான்கையும், மதிப்பெண் என்னவாக இருந்தாலும், படத்தோடு ஒப்பிட வேண்டும்.

இப்போது பத்திரத்துக்குத் திரும்பலாம். 60-ஐ 40-ஆல் பெருக்கினால் 2400. உரையோ 2100 என்கிறது. படத்தைப் பெரிதாக்கினால் 4 தெளிவாகத் தெரிகிறது. திருத்தலாம். தொகை எண்ணால் 13,000, எழுத்தால் பதினெட்டாயிரம். படத்தில் 8-இன் இடப்பக்கம் தேய்ந்திருக்கிறது. எழுத்தில் எழுதிய தொகை துணை நிற்பதால் இதையும் திருத்தலாம். இரண்டு இடத்திலும் பத்திரமே சாட்சி சொல்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. படத்திலும் 2100 என்றே இருந்தால் அது பத்திரத்தை எழுதியவரின் பிழை. அதைத் தொடக்கூடாது, “பத்திரத்தில் உள்ளபடி, அளவுகளோடு பொருந்தவில்லை” என்று குறிப்பெழுத வேண்டும். பெயர்களுக்கும் இதே விதிதான். ஓரிடத்தில் ‘கருப்பண்ணன்’, வேறோரிடத்தில் ‘கருப்பணன்’ என்றிருந்தால், இரண்டும் உண்மையான பெயர்கள். எழுத்துப்பிழை திருத்தி ஒன்றை மற்றதாக்கிவிட்டால், இரண்டு பேரா ஒரே ஆளா என்று வழக்கறிஞர் கேட்க வேண்டிய கேள்வியே காணாமல் போகும்.

பழைய பத்திரங்களில் பிழைக்கு வேறு காரணங்களும் உண்டு. தமிழ் எண்களான ௧, ௭, ௮ முறையே க, எ, அ என்ற எழுத்துகளைப் போலவே இருப்பதால், ௧௮ என்பது ‘கஅ’ என்று வரும். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் எழுதப்பட்டவற்றில் ணை, லை, னா, றா போன்றவை பழைய வடிவில் இருக்கும். இன்றைய அச்சில் பழகிய மென்பொருள் அவற்றில் தடுமாறும். இவை உளறலாக வருவதால் எளிதில் பிடிபடும், பெரும்பாலும் ஐயமின்றித் திருத்தவும் முடியும்.

சர்வே எண்ணுக்கு அப்படி ஒரு கைப்பிடி கிடையாது. கூட்டிப் பெருக்கிச் சரிபார்க்க முடியாது, எழுத்தாலும் எழுதப்படவில்லை. படத்தைப் பெரிதாக்கினால் 113 என்றும் படிக்கலாம், 118 என்றும் படிக்கலாம். பாதைக்கு அடுத்த சொல் இன்னும் கடினம். முத்திரையை வெளிறச் செய்தும் தெரியவில்லை. ‘உட்பட’ என்றால் பாதையும் மனைக்குள் சேரும். ‘நீங்கலாக’ என்றால் சேராது. 60 அடி நீளத்துக்கு 10 அடி அகலம் என்றால் 600 சதுரடி, அதாவது மனையில் கால்பங்கு. வாக்கிய ஓட்டத்தைப் பார்த்து இதை ஊகித்து நிரப்பும் உரிமை யாருக்கும் இல்லை.

கல்வெட்டு அறிஞர்களிடம் இதற்கு நல்ல வழக்கம் உண்டு. 1931-இல் லெய்டன் நகரில் வகுக்கப்பட்ட நெறிப்படி, ஐயமான எழுத்தின் கீழ் புள்ளியிடுவார்கள். சிதைந்த இடத்தை ஊகித்து நிரப்பினால் சதுர அடைப்புக்குள் இடுவார்கள். கல்லில் இருப்பது எது, பதிப்பித்தவர் சேர்த்தது எது என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். பத்திரத்துக்கும் அதே நேர்மை தேவை. எழுத்துணரி தந்த மூல உரையை அழிக்காமல் வைத்து, ஒவ்வொரு திருத்தத்தையும் பழைய வடிவம், புதிய வடிவம், காரணம் என்று தனித்தாளில் பதிய வேண்டும்.

முக்கியமாக, ஐயக்குறி உரையோடு நின்றுவிடக் கூடாது, சுருக்கத்துக்கும் வர வேண்டும். ஏனென்றால் வங்கி மேலாளரோ வாங்குபவரோ படிப்பது சுருக்கத்தை மட்டும்தான். அது இப்படி அமையலாம்: “சர்வே எண் [113/2 அல்லது 118/2, பக்கம் 2, வரி 6]. 2400 சதுரடி மனை. வடபுறப் பாதை [சேருமா என்பது தெரியவில்லை; பக்கம் 2, வரி 8, முத்திரையில் மறைந்துள்ளது]. தொகை ரூ.18,000.” பக்கமும் வரியும் கொடுத்தால் சரிபார்ப்பவர் நேரே அந்த இடத்துக்குப் போகலாம்.

இரண்டு ஐயங்களுக்கும் விடை பத்திரத்துக்கு வெளியே இருக்கிறது. சர்வே எண்ணைத் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு ஒப்பிடலாம். பாதை பற்றிய சொல்லுக்கு அசல் பத்திரத்தை நேரில் வாங்கிப் பார்ப்பதோ, சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் பெறுவதோதான் வழி. அங்குள்ள பதிவேட்டுப் பிரதியில் அதே இடத்தில் முத்திரை விழுந்திருக்க வேண்டும் என்பதில்லை. அந்த நகல் கைக்கு வரும்வரை சதுர அடைப்பு அப்படியே இருக்கட்டும்.