முழு விலைக்கு ஒரு பங்கு

கடைகள் நடத்தும் வாடிக்கையாளர் விசுவாசத் திட்டம் பெரும்பாலும் ஒரு பாயின்ட் அட்டையோடு முடிந்துவிடுகிறது. வாங்க வாங்க பாயின்ட் சேரும், சேர்ந்தது அடுத்த பில்லில் கழியும். இதே கழிவைப் பக்கத்துக் கடையும் கொடுக்க முடியும் என்பதால், அட்டை வைத்திருப்பவருக்கு அந்தக் கடையோடு தனி ஒட்டுதல் எதுவும் வருவதில்லை. போதாக்குறைக்கு, அடுத்த சலுகை வரட்டும் என்று காத்திருக்கவும் பழகிவிடுகிறார். நாளடைவில் தள்ளுபடி விலைதான் சரியான விலை, மற்ற நாட்களில் கேட்பது கூடுதல் விலை என்ற எண்ணம் அவரிடம் ஊறிவிடும்.

கடை எதற்காக நடக்கிறதோ அதையே திட்டத்தின் விதிகளாக எழுதுவது இன்னொரு வழி. அமெரிக்காவின் ஆர்.இ.ஐ. இதற்கு நல்ல உதாரணம். மலையேற்றம், முகாம், சைக்கிள் பயணம் ஆகியவற்றுக்கான சாமான்களை விற்கும் இந்த நுகர்வோர் கூட்டுறவு, 1938இல் சியாட்டிலில் லாயிட் ஆண்டர்சன், மேரி ஆண்டர்சன் தம்பதியால் தொடங்கப்பட்டது. உள்ளூரில் பனிக்கோடாரியின் விலை கட்டுப்படியாகாமல், லாயிட் ஆஸ்திரியாவிலிருந்து ஒன்றை வரவழைத்தார். தபால் செலவு உட்பட ஆனது 3.50 டாலர். மலையேறும் நண்பர்களும் கேட்கவே, ஆளுக்கு ஒரு டாலர் போட்டுச் சங்கம் உருவானது. இன்று அதில் 2 கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். வாழ்நாள் உறுப்பினர் கட்டணம் நெடுநாள் 20 டாலராக இருந்து, 2022இல் 30 டாலரானது.

திட்டத்தின் உயிர் அதன் கணக்கில் இருக்கிறது. ஓராண்டில் முழு விலைக்கு வாங்கிய தகுதியுள்ள பொருட்களுக்கு, பொதுவாக 10 சதவீதம் உறுப்பினர் பங்காக மறு ஆண்டின் தொடக்க மாதங்களில் வந்து சேரும். தள்ளுபடியில் வாங்கியவை இந்தக் கணக்கில் வராது. 200 டாலர் கூடாரத்தை ஒருவர் முழு விலைக்கு வாங்கினால் அவருக்கு 20 டாலர் வரும். அதே கூடாரத்தைக் கழிவு விற்பனையில் 160 டாலருக்கு எடுத்தால் பங்கு ஒன்றும் வராது. கைக்கணக்கில் பார்த்தால் கழிவுதான் லாபம். ஆனால் தேவைப்படும் நேரத்தில் வாங்குபவருக்கும் ஏதோ கிடைக்கிறது. காத்திருப்பதற்கென்று தனிப் பரிசு இல்லை. பணம் பில் போடும்போதே கழியாமல் ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வருவதால், அதை விலைக்குறைப்பு என்று யாரும் நினைப்பதில்லை. சங்கத்தில் தமக்குள்ள பங்கு என்றே நினைக்கிறார்கள். ஆர்.இ.ஐ.யும் தள்ளுபடியை விட்டுவிடவில்லை, உறுப்பினர்களுக்குக் கூப்பன் அனுப்பத்தான் செய்கிறது. அது திட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது, நடுவில் இல்லை என்பதுதான் வேறுபாடு.

மற்ற சலுகைகளும் இதே திசையில் செல்கின்றன. உறுப்பினர் தமது பழைய பையையோ மேலங்கியையோ கொடுத்தால் அதன் மதிப்பு கடைக்கான வரவாகக் கிடைக்கும். அந்தப் பொருள் பழைய சாமான் பிரிவில் மறுபடி விலைபோகும். புதிதாக விற்க வேண்டிய கடை, பழையதைக் கைமாற்றித் தருகிறது. 2015இல், ஆண்டின் மிகப்பெரிய தள்ளுபடி நாளான பிளாக் ஃபிரைடே அன்று, 143 கடைகளையும் மூடி, ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு தந்து, வெளியே போய் நடக்கச் சொன்னது. 2022இல் அதையே நிரந்தர வழக்கமாக்கியது.

கொள்கை தாராளமாக இருந்துவிட்டால் ஆபத்தும் உண்டு. வாங்கிய பொருளை எத்தனை வருடம் கழித்தும் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஆர்.இ.ஐ. நெடுங்காலம் அனுமதித்தது. தேய்ந்துபோன காலணியைக் கொண்டுவந்து புதியதை வாங்கிப் போனவர்கள் பெருகவே, கடையின் பெயரெழுத்துகளையே ‘வாடகைக் கடை’ என்று விரித்துக் கேலி பேசும் நிலை வந்தது. 2013இல் ஓராண்டு என்று வரம்பு வைத்தார்கள். மதிப்பீட்டை வாக்குறுதியாக மாற்றும்போது அதற்கு எல்லையும் செலவுக் கணக்கும் முதலிலேயே வேண்டும். பின்னால் சுருக்கினால் பறித்துக்கொண்டதாகவே தோன்றும்.

இத்தகைய திட்டம் வேலை செய்கிறதா என்பதை மொத்த விற்பனையை வைத்துச் சொல்ல முடியாது. உறுப்பினர் வாங்கியதில் முழு விலைக்குப் போனது எவ்வளவு, கூப்பன் அனுப்பாத மாதங்களில் எத்தனை பேர் வந்தார்கள், பழைய சாமானை எத்தனை பேர் கொண்டுவந்தார்கள் என்று பார்க்க வேண்டும். கூப்பன் நின்றதும் ஆள் வரவும் நின்றால், அது பெயர் மாற்றிய பாயின்ட் அட்டைதான்.

கொள்கையின் பெயரில் சேர்த்த உறுப்பினர்கள் கொள்கையின் பெயரிலேயே கணக்கும் கேட்பார்கள். அமெரிக்க உள்துறைச் செயலர் பதவிக்கு டக் பர்கமை ஆதரித்து வெளியான கடிதத்தில் 2025 தொடக்கத்தில் ஆர்.இ.ஐ.யும் கையெழுத்திட்டது. பொது நிலங்களைப் பற்றிக் கவலைப்படும் உறுப்பினர்களிடமிருந்து கண்டனம் எழ, புதிய தலைமை நிர்வாகி மேரி பெத் லாட்டன் அது தவறு என்று ஏப்ரலில் ஒப்புக்கொண்டார். அதற்கு அடுத்த மாதம், தொழிற்சங்கத்தின் வேண்டுகோளையொட்டி, நிர்வாகக் குழுவுக்கு நிறுவனம் நிறுத்திய வேட்பாளர்களை உறுப்பினர்கள் வாக்களித்து நிராகரித்தார்கள்.