எண் நினைவிருக்கிறது, பாட்டு எங்கே?

கோயிலில் ஓதுவார் பாடிக் கேட்டிருப்போம். வீட்டில் பாட்டி முணுமுணுத்ததாகவும் இருக்கலாம். பாட்டின் முதலடி மறந்துவிடும். யார் பாடியது, எந்த ஊரைப் பற்றியது என்பதும் மறந்துவிடும். ஆனால் ஒன்று, இரண்டு என்று எண்கள் வந்ததோ, ஞாயிறு முதல் சனி வரை அடுக்கியதோ, ஐப்பசி, கார்த்திகை என்று மாதங்கள் வந்ததோ மனத்தில் தங்கிவிடும். வரிசை என்றாலே மனம் அதைப் பிடித்துக்கொள்ளும். அந்த வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு பாட்டைத் தேடப் போனால்தான் சிக்கல் தொடங்குகிறது.

தேவாரப் பதிப்புகளின் பின்பகுதியில் பாட்டு முதற்குறிப்பு அகராதி இருக்கும். முதற்சொல் தெரிந்தவருக்கு அது போதும். பாட்டின் நடுவில் வரும் எண்ணோ கிழமையோ மட்டும் நினைவிருப்பவருக்கு அது உதவாது. இன்று thevaaram.org போன்ற தளங்களில் திருமுறை முழுவதும் படிக்கக் கிடைக்கிறது. எந்தச் சொல்லையும் கொடுத்துத் தேடலாம். ஆனால் பேச்சுவழக்கில் நாம் சொல்லும் சொல்லைக் கொடுத்தால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். செய்யுளில் அந்தச் சொல் வேறு உருவத்தில் நிற்பதே காரணம். திருஞானசம்பந்தர் ஒருவரிடமே எண்ணுக்கு ஒன்று, கிழமைக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என மூன்று பாட்டுகள் உள்ளன. அந்த மூன்றையும் தேடிக் கண்டுபிடித்தால் இந்தத் தேடலின் நெளிவுசுளிவு முழுவதும் பிடிபட்டுவிடும்.

எளியதிலிருந்து தொடங்குவோம். கிழமைகள் ஏழும் வரும் பாட்டு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் 'திங்கள்' என்று தேடத் தோன்றும். தேவாரத்தில் அந்தச் சொல் கணக்கில்லாமல் வரும், ஏனென்றால் சிவனின் சடையில் இருப்பதே திங்கள். 'ஞாயிறு' சூரியனையும் குறிக்கும். 'வெள்ளி' உலோகமாகவும் வரும், கயிலையைச் சொல்லும் இடத்திலும் வரும். 'செவ்வாய்' என்றால் சிவந்த வாய் என்றும் பொருள். ஆகவே வேறு பொருளில் அதிகம் புழங்காத பெயரைக் கொண்டு தேட வேண்டும். ஏழில் அதற்கு ஏற்றவை புதனும் வியாழனும். அதிலும் 'வியாழன்' என்று முழுதாகக் கொடுத்தால் நாம் தேடும் பாட்டு அகப்படாது. சம்பந்தர் அங்கே 'வியாழம்' என்று பாடியிருக்கிறார். 'வியாழ' என்பதோடு நிறுத்திக்கொண்டால் இரண்டு வடிவமும் சிக்கும். சொல்லின் கடைசி எழுத்தை விட்டுவிட்டுத் தேடுவது செய்யுளில் எப்போதுமே நல்ல பழக்கம்.

அப்படித் தேடினால் இரண்டாம் திருமுறையின் 85ஆம் பதிகத்துக்கு வந்து சேர்வோம். அதுதான் கோளறு பதிகம். முதல் பாட்டிலேயே ஞாயிறு முதல் சனி வரை ஏழும் கிழமை வரிசையிலேயே நிற்கின்றன. அவற்றோடு ராகுவும் கேதுவும் இரண்டு பாம்புகளாகச் சேர்ந்து ஒன்பது கோளாகின்றன. பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரின் அழைப்பை ஏற்றுச் சம்பந்தர் திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்பட்டபோது, கோள்நிலை சரியில்லை என்று அப்பர் தடுத்ததாகவும், அதற்கு விடையாக இந்தப் பதிகம் எழுந்ததாகவும் பெரியபுராணம் சொல்கிறது. கோள்களைச் சொல்ல வந்த பாட்டு அது. கிழமைகளுக்குக் கோள்களின் பெயரே வைத்திருப்பதால் நம் காதில் அது வாரமாக விழுகிறது. கிழமைப் பாட்டைத் தேடுபவர் கோள்களைப் பாடும் பாட்டுகளிலும் பார்க்க வேண்டும் என்பது இதனால் தெரிகிறது.

அதே பதிகத்தின் இரண்டாம் பாட்டில் ஒன்பது, ஒன்று, ஏழு, பதினெட்டு, ஆறு என்று எண்கள் வருகின்றன. இவை ஏறுவரிசையும் இல்லை, இறங்குவரிசையும் இல்லை. பயணத்துக்கு ஆகாத நட்சத்திரங்களின் வரிசை எண்கள் இவை. கார்த்திகையை முதலாகக் கொண்டு தனித்தனியே எண்ணினால் ஒன்பது பூரம், ஒன்று கார்த்திகை, ஏழு ஆயிலியம், பதினெட்டு பூராடம் என்று வரும். அசுவினியை முதலாகக் கொண்டு, ஒன்பதோடு ஒன்றையும் பிறகு ஏழையும் கூட்டிப் பார்த்தால் பத்தாவது மகம், பதினாறாவது விசாகம் என்று வரும். ஆகவே எண்கள் தாறுமாறாக நினைவிருந்தால் உங்கள் நினைவுதான் பிழை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பாட்டே அப்படி அமைந்திருக்கலாம்.

அடுத்தது மாதங்கள். பன்னிரண்டு மாதப் பெயர்களையும் வரிசையாக எதிர்பார்த்துத் தேடினால் சம்பந்தரின் மயிலாப்பூர்ப் பதிகம் கண்ணில் படாமலே போய்விடும். இரண்டாம் திருமுறையில் 47ஆம் பதிகம் அது. இறந்துபோன பூம்பாவை என்ற பெண்ணை அழைத்து, இந்த விழாவைக் காணாமல் போவாயோ என்று பாட்டுக்குப் பாட்டு கேட்கும் பதிகம். இரண்டாம் பாட்டில் ஐப்பசி ஓணம், மூன்றாவதில் கார்த்திகை விளக்கீடு, நான்காவதில் ஆதிரை, ஐந்தாவதில் தைப்பூசம், ஆறாவதில் மாசிக் கடலாட்டு, ஏழாவதில் பங்குனி உத்திரம். ஐப்பசி முதல் பங்குனி வரை ஆறு மாதங்கள் ஒன்றையும் தவறவிடாமல் அடுத்தடுத்து வருகின்றன. அதற்குப் பிறகு வரும் அட்டமி நாள், பொற்றாப்பு, பெருஞ்சாந்தி ஆகியவற்றில் மாதப் பெயரே இல்லை.

இங்கே மூன்று இடங்களில் தேடுபவர் தடுமாறுவார். மார்கழி என்ற சொல் இந்த வரிசையில் கிடையாது. அந்த மாதத்துக்குரிய திருவாதிரைதான் அதன் இடத்தில் நிற்கிறது. சரி, 'ஆதிரை' என்று தேடுவோம் என்றால் பாட்டில் 'ஆர்திரை' என்று வருகிறது. மேலடிகளில் இரண்டாம் எழுத்தாக 'ர்' நிற்பதால் எதுகைக்காக இங்கும் அது வந்து சேர்ந்திருக்கிறது. மூன்றாவது, சந்தி. சீர் பிரித்து அச்சிட்ட பதிப்புகளில் ஓணத்துக்கும் உத்திரத்துக்கும் முன்னால் ஒரு யகரம் ஏறிக்கொள்ளும். 'ஓண' என்று தேடினால் 'யோண' அகப்படாது. உத்திரமோ அங்கே 'யுத்தர' என்று கிடக்கும். ஐப்பசி, பங்குனி போன்ற மாதப் பெயர்கள் இந்த மாற்றத்துக்கு ஆளாகவில்லை. எனவே விழாப் பெயரை விட்டு, இந்தப் பதிகத்தில் மாதப் பெயரைப் பிடிப்பதே வழி. அதுவும் அகப்படாவிட்டால் அந்த மாதத்து நட்சத்திரத்தை வேறு எழுத்திலும் தேட வேண்டும்.

கடினமானது எண்ணுப் பாட்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று அப்படியே தேடினால் ஒன்றும் வராது. செய்யுளில் ஒன்று 'ஓர்', 'ஒரு' ஆகும். இரண்டு 'ஈர்', 'இரு' ஆகும். மூன்று 'மு', 'மூ' ஆகிவிடும். நான்கு 'நால்', ஐந்து 'ஐ', ஏழு 'எழு'. இவை அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் தேடும் இயந்திரத்துக்குப் பிடிபடாது. இந்த இடத்தில் நமக்குக் கைகொடுப்பது எண்கள் போகும் போக்கு. எண்கள் ஏறிக்கொண்டே போயினவா, ஏறி ஏறி ஒவ்வொரு முறையும் ஒன்றுக்கே திரும்பினவா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஒன்று, இரண்டு, ஒன்று. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று. அடுத்து நான்கு வரை ஏறி மீண்டும் ஒன்று. இப்படி ஏழு வரை ஏறி இறங்கினால் அது திருவெழுகூற்றிருக்கை. கட்டம் போட்டு எழுதினால் முதல் வரிசையில் மூன்று கட்டம், அடுத்ததில் ஐந்து, பிறகு ஏழு என்று விரிந்து தேரின் உருவம் கிடைக்கும். அதனால் இதை ரதபந்தம் என்றும் சொல்வார்கள்.

வகை தெரிந்துவிட்டால் தேடல் பாதி முடிந்தது. இந்தப் பெயரில் நன்கு அறியப்பட்ட பாட்டுகள் நான்கு. சம்பந்தர் சீகாழிக்குப் பாடியது முதல் திருமுறையில் 128ஆவதாக இருக்கிறது. திருமங்கையாழ்வார் குடந்தை ஆராவமுதனுக்குப் பாடியது நாலாயிரத்தில் இயற்பாவில் உள்ளது. நக்கீரதேவ நாயனார் பாடியது பதினோராம் திருமுறையில் உள்ளது. அருணகிரிநாதர் பாடியது சுவாமிமலை முருகனுக்கு. கேட்டது பெருமாள் கோயிலா, சிவன் கோயிலா, முருகன் சந்நிதியா என்பது நினைவிருந்தால் போதும், தேடல் ஒன்றிரண்டு பாட்டுக்குள் அடங்கிவிடும். சீகாழியின் பன்னிரண்டு பெயர்களும் பாட்டுக்குள் வந்தால் அது சம்பந்தருடையது என்று உறுதியாகச் சொல்லலாம்.

பாட்டு கிடைத்தபின் எண்களைச் சரிபார்க்கும்போது சில இடங்களில் கணக்கு உதைக்கும். சம்பந்தர் பாட்டில் இரண்டாம் சுற்று 'ஒன்றிய' என்ற சொல்லில் தொடங்குகிறது. பொருந்திய என்பது அதன் பொருள், ஆனால் கட்டத்தில் அது ஒன்று. அடுத்து சூரிய சந்திரர் இரு சுடராகி இரண்டு, மும்மூர்த்திகள் மூன்று, அவருள் மற்ற இருவர் இரண்டு, அவர்களோடு நிற்கும் ஒருவன் ஒன்று. சுற்று முடிந்தது. திருமங்கையாழ்வார் பாட்டில் ஓரிடத்தில் சிவனைச் சொல்லும்போது மூன்று கண், நான்கு தோள், ஐந்து வாய் அரவு என்று ஏறி, ஆறாவதாக அவன் சடையில் இருக்கும் ஆறு வருகிறது. அது கங்கை ஆறு. எண்ணையே தேடுபவர் அங்கே ஆறு விடுபட்டதாக நினைப்பார். விடுபடவில்லை. ஓசை ஒன்றாக இருந்தால் பொருள் வேறானாலும் புலவர் அதை எண்ணாகவே வைப்பார்.

ஆகவே எண்ணோ கிழமையோ மாதமோ வரும் பாட்டு ஒன்று காதில் விழுந்தால், அந்த வரிசையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். வரிசை பல பாட்டுகளுக்குப் பொது. பாம்பு, பூம்பாவை, சுடர் என்று அதன் பக்கத்தில் நிற்கும் ஒரு சொல்லையும், எந்தச் சந்நிதியில் கேட்டீர்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்கள் பாடினால் எந்தக் கோயில் பாட்டு என்று அப்போதே கேட்டுவிடுங்கள். பின்னால் பாட்டைத் தேடித் தருவது அந்தச் சொல்லும் அந்த ஊரும்தான்.