ஒளி பிரித்துத் தரும் நிலம்: பிச்சாவரத்துக்கு ஒரு விரைவு வரைபடம்

ஒரு பகுதியில் நீர் எங்கே, காடு எங்கே, வயல் எங்கே என்று காட்டுவது நிலப்போர்வை வரைபடம். செயற்கைக்கோள் படத்திலிருந்து இதைத் தயாரிக்க, முதலில் களத்துக்குப் போய் ‘இது வயல், இது தோப்பு’ என்று மாதிரி இடங்களைக் குறித்துவந்து கணினிக்குக் கொடுப்பது வழக்கம். அந்த மாதிரிகள் கையில் இல்லாதபோது உதவுவது கே-மீன்ஸ் என்னும் கணக்கு முறை. ஒளியை ஒரே விதமாகத் திருப்பும் இடங்களை அது தானே கொத்துக் கொத்தாகச் சேர்த்துவிடும். அந்தக் கொத்துகளுக்குப் பெயர் வைப்பது மட்டும் மனிதரின் வேலை.

கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள பிச்சாவரத்தை எடுத்துக்கொள்ளலாம். சுரபுன்னைக் காடு, உப்பங்கழி, கடற்கரை மணல், சவுக்குத் தோப்பு, இறால் பண்ணை, நெல் வயல் எல்லாம் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் 13 ஒளிப்பட்டைகள் உண்டு. கூர்மையான பட்டைகளில் ஒரு பிக்சல் என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் பரப்பு. 15 கிலோமீட்டர் நீளமும் 10 கிலோமீட்டர் அகலமும் உள்ள பகுதியில் 15 லட்சம் பிக்சல்கள் இருக்கும்.

ஒவ்வொரு பிக்சலுக்கும் பட்டைக்கு ஓர் எண் உண்டு. விழுந்த ஒளியில் எத்தனை சதவீதம் திரும்பியது என்பதே அந்த எண். சிவப்பு, அண்மை அகச்சிவப்பு, குற்றலை அகச்சிவப்பு என்ற மூன்று பட்டைகளை மட்டும் பார்ப்போம். விளக்கத்துக்காக, நீர்க் கொத்தின் மையம் (3, 2, 1), பசுமைக் கொத்தின் மையம் (3, 35, 15), மணல் கொத்தின் மையம் (30, 38, 42) என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வரும் பிக்சலின் எண்கள் (5, 28, 17). ஒவ்வொரு பட்டையிலும் உள்ள வேறுபாட்டை வர்க்கமாக்கிக் கூட்டினால், பசுமையிலிருந்து அதன் தொலைவு 4 + 49 + 4, அதாவது 57. இதேபோல் நீரிலிருந்து 936, மணலிலிருந்து 1,350. எனவே அது பசுமையோடு சேரும்.

தொடக்கத்தில் இந்த மையங்கள் யாருக்கும் தெரியாது. கணினி சில பிக்சல்களைக் குருட்டாம்போக்கில் மையங்களாக எடுத்துக்கொள்கிறது. எல்லாப் பிக்சல்களும் தத்தமக்கு அருகிலுள்ள மையத்தோடு சேர்ந்தபின், ஒவ்வொரு கொத்தின் சராசரியும் அதன் புதிய மையமாகிறது. மறுபடியும் பிக்சல்கள் இடம் மாறுகின்றன. மையங்கள் நகராமல் நிற்கும்வரை இது தொடரும். தொடக்க மையங்கள் மாறினால் முடிவும் மாறலாம். ஆகவே பலமுறை ஓட்டி, தொலைவுகளின் கூட்டுத்தொகை எதில் மிகக் குறைவோ அதை எடுத்துக்கொள்வார்கள்.

எத்தனை கொத்து வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். ஆறு வகை நிலம் இருக்கிறது என்பதற்காக ஆறு என்று கொடுத்தால் பயன் குறைவு. பரப்பில் பெரியது கடல். மழைக்காலம் முடிந்ததும் ஆற்று வண்டல் கலந்த நீர் ஒரு கொத்தாகவும் தெளிந்த நீர் இன்னொரு கொத்தாகவும் பிரியும். சிறிய மணல் திட்டும் ஊர்க் கூரைகளும் ஒரே கொத்துக்குள் அடைபடும். அதனால் கடலை முதலிலேயே வெட்டி நீக்கிவிட்டு, பன்னிரண்டு கொத்து கேட்டு, பிறகு ஒத்தவற்றை இணைப்பது நல்லது. கழிக்கரை ஓரமாக மெல்லிய கோடாக ஓடும் கொத்து தனி நில வகை அல்ல. பாதி நீரும் பாதி மரமும் விழுந்த கலப்புப் பிக்சல்களே அப்படித் தோன்றும்.

மேகமும் அதன் நிழலும்கூடத் தனிக் கொத்துகளாகும். நிழல் பல நேரம் நீரோடு போய்ச் சேரும். படத்தில் மேகத்துக்குப் பக்கத்தில் அதே வடிவில் ‘குளம்’ ஒன்று தெரிந்தால் அது நிழல்தான். மேகமுள்ள இடங்களைக் கணக்குக்கு முன்பே நீக்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விடக் கடினமானது பசுமைக்குள் பிரிப்பது. ஜனவரியில் அறுவடையாகாத சம்பா வயலும் சுரபுன்னைக் காடும் சிவப்பிலும் அண்மை அகச்சிவப்பிலும் நெருங்கிய எண்களைத் தரக்கூடும். ஒரே கொத்து கழிக்குள்ளும் வரப்பு கட்டிய வயலிலும் பரவியிருந்தால் இந்தக் குழப்பம் நேர்ந்திருக்கிறது என்று அறியலாம். கொத்தின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் இது தீராது. மே மாதப் படத்தின் பட்டைகளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மே மாதத்தில் அறுத்த வயல் காய்ந்து கிடக்கும், சுரபுன்னை பச்சையாகவே நிற்கும். ஆண்டு முழுதும் பச்சையான சவுக்கைப் பிரிக்கக் குற்றலை அகச்சிவப்பு உதவுகிறது. நீர் அந்த ஒளியை உறிஞ்சிவிடும். அதனால் சேற்றில் நிற்கும் காடு அந்தப் பட்டையில் மணல்மேட்டுத் தோப்பைவிட இருண்டு தெரியும்.

பெயர் வைத்தபின் சரிபார்த்தே ஆகவேண்டும். வகைக்கு ஐம்பது புள்ளிகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, களத்திலோ மிகக் கூர்மையான படத்திலோ ஒப்பிட்டால் எந்த வகை எதோடு கலந்திருக்கிறது என்பது தெரியும். இறால் குட்டையையும் இயல்பான கழியையும் இந்த முறையால் பிரிக்க முடியாது. இரண்டிலும் ஒளியைத் திருப்புவது நீர்தான். குட்டையின் நேர்கோட்டுக் கரையைப் பார்த்துக் கையால்தான் பிரிக்க வேண்டும்.