கொலுசின் கறுப்பும் வெள்ளிதான்

கறுத்துப்போன கொலுசைப் பார்த்ததும் கை பற்பசையையும் பழைய டூத் பிரஷ்ஷையும் தேடும். சில வீடுகளில் விபூதி, சில வீடுகளில் பல்பொடி, சில வீடுகளில் புளி. அழுக்கு ஏறிவிட்டது, அழுத்தித் தேய்த்தால் போய்விடும் என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். ஆனால் அந்தக் கறுப்பு எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட அழுக்கு இல்லை. காற்றிலும் வியர்வையிலும் கிணற்றுத் தண்ணீரிலும் இருக்கும் கந்தகம், வெள்ளியின் மேற்பரப்போடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்ற கறுப்புப் பொருளாகிறது. அந்தப் படலத்தின் எடையில் நூற்றுக்கு 87 பங்கு வெள்ளிதான்; கந்தகம் வெறும் 13 பங்கு.

ஆகவே கறுப்பைத் தேய்த்து எடுக்கும்போது கூடவே வெள்ளியையும் தேய்த்துக் கழுவி விடுகிறோம். ஒருமுறை செய்தால் தெரியாது. ஆண்டுக்கணக்கில் செய்தால் கொலுசின் பூவேலை மழுங்கும், மெல்லிய வளையங்கள் இன்னும் மெலியும். வெள்ளி மிருதுவான உலோகம். பற்பசையில் பல்லின் கறையை அரைத்தெடுக்கச் சேர்க்கும் நுண்துகள்கள் அதைக் கீறிவிடும். கீறல் விழுந்த பரப்பில் படலம் பிடிக்க இன்னும் இடம் கிடைக்கும். பற்பசையின் வெள்ளைத் துகள் கண்ணிகளுக்குள் புகுந்து காய்ந்துவிட்டால் அதை எடுப்பது தனி வேலை. விபூதியும் பல்பொடியும் இதே போலத்தான். புளியும் எலுமிச்சையும் செம்பு, பித்தளைப் பாத்திரங்களுக்குக் கைகண்டவை. வெள்ளி சல்பைடை அந்தப் புளிப்பு கரைக்காது. புளி போட்டு வெள்ளி பளிச்சிட்டால், அது பெரும்பாலும் தேய்த்த கையின் வேலை.

கறுப்பை எடுக்க இன்னொரு வழி, அதைத் திரும்ப வெள்ளியாக்குவது. இதற்கு வேண்டியவை அலுமினியத் தாள், ஆப்ப சோடா, உப்பு, வெந்நீர். கந்தகத்தின் மேல் வெள்ளியைவிட அலுமினியத்துக்குப் பிடிப்பு அதிகம். சோடா கரைந்த வெந்நீரில் இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால், கந்தகம் வெள்ளியை விட்டு விலகுகிறது; வெள்ளி இருந்த இடத்திலேயே தங்கிவிடுகிறது.

பக்கத்து வீட்டு அக்காவின் மகள் பூப்பு நீராட்டுக்கு வாங்கிய ஒரு ஜோடி கொலுசை அண்மையில் இப்படிச் சுத்தம் செய்தோம். கண்ணி கண்ணியாகக் கோத்து, கீழே குட்டிச் சலங்கைகள் தொங்கும் கொலுசு. கல்லோ மீனா வேலையோ கிடையாது. ரப்பர் பேண்டு போட்டுப் பீரோவில் வைத்திருந்ததில் அடர்ந்த பழுப்பாகிவிட்டிருந்தது. ரப்பர் பேண்டு பட்ட இடத்தில் மட்டும் பேனாவால் கோடு போட்டது போலக் கறுப்பு.

முதலில் சோப்புக் குளியல். கொலுசு காலிலேயே கிடப்பது. மஞ்சள், எண்ணெய், சோப்பு, பாதத் தோலின் பொடி எல்லாம் கண்ணிகளில் அடைந்திருக்கும். இது உண்மையான அழுக்கு; அலுமினியத் தாளால் இது போகாது. போதாக்குறைக்கு, எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் சோடாத் தண்ணீரும் வேலை செய்யாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, கொலுசைக் கால்மணி நேரம் ஊறவைத்து, குழந்தைகளுக்கான மிருதுவான டூத் பிரஷ்ஷால் கண்ணிகளின் போக்கிலேயே லேசாகத் துலக்கினோம். தண்ணீர் சாம்பல் நிறமாக இறங்கியது. பாதி கொலுசு இதிலேயே தெளிந்துவிட்டது. இந்தக் கட்டத்தில் திருகாணியையும் வளையங்களையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. விரிந்த வளையம் இருந்தால் இப்போதே கண்ணில் படும்.

அடுத்து ஒரு பீங்கான் கிண்ணத்தின் உட்புறம் முழுக்க அலுமினியத் தாளை விரித்து, கொலுசை மடிப்பில்லாமல் பரப்பினோம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடாவும் ஒரு மேசைக்கரண்டி உப்பும் கலந்து கொலுசு முழுகும்படி ஊற்றினோம். சோடா சேர்த்ததும் நுரைத்துப் பொங்கும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர் வேறு பொருள். அது இதற்கு ஆகாது. அலுமினியப் பாத்திரத்திலேயே நேரடியாகச் செய்தால் பாத்திரம் கறுத்துக் கெட்டுப்போகும்.

சிறிது நேரத்தில் அழுகிய முட்டை நாற்றம் லேசாக வந்தது. வெள்ளியை விட்டுக் கந்தகம் கிளம்புகிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஜன்னல் திறந்திருக்கட்டும்; கிண்ணத்தின் மேல் குனிந்து முகர வேண்டாம். ஐந்து நிமிடம் கழித்து மரக்கரண்டியால் கொலுசைத் தூக்கியபோது அக்கா கேட்டார்: "என்னம்மா இது, ஒரு பக்கம் வெளுத்துப்போச்சு, மறுபக்கம் அப்படியே இருக்கே?" தாளைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம்தான் வெளுத்திருந்தது. வெள்ளியும் அலுமினியமும் தொடும் இடத்தில் மெல்லிய மின்னோட்டம் ஒன்று ஓடுகிறது. தொடுகை இல்லாவிட்டால் இந்த வேலை நடக்காது. நெக்லஸ், செயின் என்றால் தாளில் விழும் விதத்தில் சில கண்ணிகள் எம்பி நிற்கும். அவை கறுப்பாகவே இருக்கும். கொலுசைப் புரட்டிப் போட்டு, இன்னொரு துண்டுத் தாளை மேலே வைத்து லேசாக அழுத்தினோம். தண்ணீர் ஆறியிருந்ததால் கீழே கொட்டிவிட்டு, மீண்டும் அதே அளவில் புதிதாகக் கலந்து ஊற்றினோம். கறுப்பு கழன்றது. பளபளத்த தாளில் கொலுசு கிடந்த இடமெல்லாம் கறை படிந்திருந்தது.

இரண்டு சுற்றுக்குப் பிறகும் சில மூட்டுகளில் மங்கல் நின்றது. பட்டறையில் பொடி வைத்துப் பற்றவைத்த இடங்கள் அவை. அந்தப் பொடியில் வெள்ளியோடு செம்பு முதலான வேறு உலோகங்களும் கலந்திருக்கும். அவற்றின் கறை வேறு வகை. இன்னும் ஊறவைத்தால் போகுமென்று இரவு முழுக்கப் போட்டு வைப்பது தவறு. பலனும் இராது, உப்புநீரில் நெடுநேரம் கிடப்பது நகைக்கும் நல்லதல்ல.

எடுத்ததும் ஓடும் தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். கண்ணிக்குள் தங்கும் உப்பு பிறகு வெள்ளியை அரிக்கும். சலங்கைக்குள் தண்ணீர் நிற்கும். துண்டில் சுற்றி உதறி, மின்விசிறிக்கு அடியில் பல மணி நேரம் காயவிட்டோம். காய்ந்த கொலுசு வெண்மையாக இருந்தது, ஆனால் மின்னவில்லை. படலத்திலிருந்து மீண்ட வெள்ளி சற்றுப் பொருபொருவென்று உட்காருவதால் பால்நிற மங்கல் தெரியும். பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒரே திசையில் மெதுவாகத் துடைத்ததும் பளபளப்பு வந்தது. அந்த அளவுக்குத் துடைப்பதில் கெடுதல் இல்லை.

எல்லா வெள்ளிக்கும் இந்த வழி பொருந்தாது. அழகுக்கென்றே கறுப்பு ஏற்றிய ஆக்சிடைஸ்டு நகையில், வேலைப்பாட்டின் பள்ளங்களில் இருக்க வேண்டிய கறுப்பும் சேர்ந்து போய்விடும். ஒட்டிய கல், முத்து, வண்ண மீனா, உள்ளே அரக்கு நிரப்பிய பழைய நகை ஆகியவற்றை வெந்நீர் கெடுக்கும். முலாம் பூசியவற்றையும் போட வேண்டாம். இவற்றுக்கெல்லாம் ஈரத்துணியும் மிருதுவான உலர்துணியும் போதும். ஓரங்களில் மஞ்சளோ சிவப்போ எட்டிப் பார்த்தால் அது பித்தளை அல்லது செம்பின் மேல் பூசிய வெள்ளி. ஜெர்மன் சில்வர் என்று விற்பதில் வெள்ளியே கிடையாது. நிறைய கறை மூட்டுகளிலேயே நின்றால் நகை செய்பவரிடம் கொடுக்கலாம். கொடுக்கும் முன்பும் வாங்கும்போதும் எடை போட்டுப் பாருங்கள். அமிலத்தில் முக்கி மெருகு போட்டால் எடை சற்றுக் குறையும். எவ்வளவு குறைந்தது என்று தெரிந்திருப்பது உங்கள் உரிமை.

இனி, கறுப்பு சீக்கிரம் திரும்பி வராமல் பார்ப்பது. கந்தகமும் ஈரமும் சேரும் இடத்தில்தான் வெள்ளி விரைவாகக் கறுக்கும். நாற்றமடிக்கும் போர்வெல் தண்ணீர், சொறிக்குப் போடும் கந்தக சோப்பு, பொடுகுக்கான சில ஷாம்புகள், பட்டாசு மருந்து ஆகியவை படும்போது கொலுசைக் கழற்றி வைப்பது நல்லது. கழிவறை கழுவும் பிளீச்சிங் தண்ணீர் தெறித்தாலும் வெள்ளி கறுத்துவிடும். அதில் கந்தகம் இல்லை, குளோரின்தான் காரணம். தினமும் போடும் கொலுசு பீரோவில் கிடப்பதைவிட மெதுவாகக் கறுப்பதாகப் பலரும் சொல்வதற்குக் காரணம் உண்டு: நடக்கும்போதும் குளிக்கும்போதும் படலம் தடிக்கும் முன்பே உரசித் துடைபடுகிறது.

எடுத்து வைக்கும்போது ரப்பர் பேண்டு கூடவே கூடாது. ரப்பரைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் கந்தகம் தாளை ஊடுருவிக்கூட வெள்ளியில் கோடு போடும். அக்கா வீட்டுக் கொலுசில் பார்த்தது அதுதான். கம்பளித் துணியிலும் கந்தகம் உண்டு. துடைத்து நன்றாகக் காய்ந்த ஜோடியைத் தனித்தனியாக மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, ஜிப் வைத்த சிறிய பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடுங்கள். மாத்திரை டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டால் ஈரம் குறையும். ஈரத்தோடு மூடிய பை, திறந்த பெட்டியைவிட மோசம்.

வெள்ளி ஒரே நாளில் கறுப்பதில்லை. முதலில் இளமஞ்சளாகும், பிறகு பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் மாறி, கடைசியில்தான் கறுப்பு. நிறம் மாற மாறப் படலம் தடித்துக்கொண்டே போகிறது. இளமஞ்சளாக இருக்கும்போதே பையைத் திறந்து பருத்தித் துணியால் துடைத்து வைத்துவிட்டால், வெந்நீரும் சோடாவும் தேவைப்படாது. பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் பீரோவைத் திறக்கும்போது கொலுசுப் பையையும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம்.